மழைச் சத்தம் கேட்ட திருடன்

பல் செட்டுக்காரருக்கு ஒரு திருடன் கிடைத்தது வருஷக் கடைசியில். அதுவரை அவருக்குத் திருட்டுக் கொடுக்கிற அளவுக்கு ஒன்றும் இருந்ததாக அவரே நினைத்ததில்லை.

போனில் பாட்டுக் கேட்கிற ஆப்பு, வருஷம் முடிகிற சமயத்தில் எல்லோருக்கும் அனுப்புவதுபோல அவருக்கும் ஒரு தொகுப்பை அனுப்பியது. இந்த வருஷம் நீங்கள் அதிகம் கேட்டது இன்னது, இத்தனை நிமிஷம் என்று கலர் கலராக. மனுஷர் பல் செட் கட்டுகிற லேப்பில் மெழுகுப் பல்வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திறந்தார். முதலிடத்தில் மழைச் சத்தம். பாட்டுக்கூட இல்லை, வெறும் மழை. நானூறு மணி நேரத்துக்கு மேல்.

பக்கத்து மேஜையில் அச்சு வார்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, வீட்டுல தண்ணி வரலையா? மழை பெய்யற மாதிரி கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றார். அன்று முழுக்க அந்த லேப்பில் இதே பேச்சுத்தான். குடையைக் கொண்டுவந்து அவர் நாற்காலியில் மாட்டிவைத்தார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெயரில் யாரோ புகுந்திருக்கிறான் என்று பட்டுவிட்டது. பட்டதும் பழைய எரிச்சல் ஒன்றுக்கும் காரணம் கிடைத்தது. ரெண்டு வருஷமாக, கை இரண்டும் பிளாஸ்டர் மாவாக இருக்கிற நேரம் பார்த்துப் பாட்டு சட்டென்று நின்றுவிடும். தூசிக்காகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிற போனில் ஏதோ சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். அவர் அதைப் படித்ததே இல்லை. புது வெர்ஷன் போடச் சொல்கிறது என்று நினைத்து, முழங்கையால் ஒரு குத்து குத்துவார். பாட்டு மறுபடி ஓடும். வேறொரு போனில் பாட்டு ஓடுகிறது என்றுதான் அந்த வரி இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மச்சினனை வரவழைத்தார். மனைவியின் தம்பி, ஒரு கம்பெனியில் நாளெல்லாம் எக்செல் அட்டவணையோடு மல்லுக்கட்டுகிறவன். எதற்கும் ஒரு ஃபைல் இருக்கும் என்று நம்புகிற ரகம்.

"ரெண்டு வேலை அத்தான்," என்றான் லேப்டாப்பை விரித்தபடி. "முதல்ல கதவைச் சாத்தறோம். அப்புறம் யாரு வந்துட்டுப் போனான்னு பாக்கறோம்."

கதவைச் சாத்துவது இரண்டு நிமிஷ வேலை. கடவுச்சொல்லை மாற்றினான். கணக்குப் பக்கத்தில் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்று ஒரு பொத்தான் இருந்தது. "நீங்களே அமுக்குங்க, திருப்தியா இருக்கும்," என்றான். பல் செட்டுக்காரர் ஆள்காட்டி விரலை நீட்டி, ஈறில் பல்லைப் பதிப்பதுபோல அழுத்தமாக அமுக்கினார். உண்மையிலேயே திருப்தியாகத்தான் இருந்தது.

இரண்டாவது வேலைக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. அந்தரங்கத் தகவல் என்ற பக்கத்துக்குப் போய், 'என் தகவல்களின் நகலைத் தாருங்கள்' என்று கேட்க வேண்டும். சாதாரணக் கணக்குத் தகவல் சில நாளில் வரும். கணக்கு தொடங்கிய நாளிலிருந்து கேட்ட ஒவ்வொரு பாட்டின் வரலாறும் வேண்டுமென்றால் முப்பது நாள்வரை ஆகலாம். மச்சினன் இரண்டுக்கும் டிக் அடித்தான்.

"முப்பது நாளா? அதுக்குள்ள அவன் இன்னொரு வீட்டுல ஏறிடுவானே."

"அவங்க சேத்து மூட்டை கட்டி அனுப்பணும்ல அத்தான்."

அன்றிலிருந்து மனுஷர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. காலையில் பல் துலக்கும்போதே மெயிலைப் பார்ப்பார். லேப்பில் அரைக் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிட்டுப் பார்ப்பார். நாலு நாளாக ஒன்றும் வராமல் மச்சினனுக்குப் போன் போட்டுக் கத்த, "அத்தான், உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வந்திருக்கும், அதுல இருக்கிற லிங்க்கை அமுக்கினீங்களா?" என்று அவன் கேட்டான். அமுக்கவில்லை. விளம்பர மெயில்களுக்கு நடுவே அது சிவனே என்று கிடந்தது. அமுக்கினால்தான் கோரிக்கையே தொடங்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு நாள் வீண். அந்தக் கோபத்தில் அன்று ஒரு டாக்டருக்குப் போக வேண்டிய பல் செட்டை இன்னொரு டாக்டருக்கு அனுப்பிவைத்தார்.

வீட்டிலும் ஏதோ சரியில்லை. மனைவி எப்போதும்போலத்தான் சமைத்தாள், பேசினாள். ஆனால் பேச்சு குறைந்திருந்தது. சனிக்கிழமைதோறும் காலையில் அவள் மாடிக்குப் போய் அரை மணி நேரம் போனில் பேசிவிட்டு வருவது வழக்கம். யாரோடு என்று அவர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. அது மகள். அந்த வீட்டில் மகளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது ரெண்டு வருஷத்துக்கு முன் அவர் போட்ட சட்டம்.

பல் டாக்டருக்குப் படிக்கப் போன பிள்ளை, மூன்றாம் வருஷத்தில் பாதியில் எழுந்து வந்து, 'எனக்கு வாயைப் பார்த்தாலே குமட்டுது' என்றாள். முப்பது வருஷமாக டாக்டர்கள் அனுப்புகிற அச்சுக்குப் பல் கட்டிக்கொடுத்தவர் அவர். தன் பெயர்ப் பலகைக்குக் கீழே அல்ல, மகள் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்த ஆசை போன கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். அவளும் சளைத்தவள் இல்லை. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியோடு கிளம்பிப் போனாள். அவர் லேப்புக்குப் போய்விட்டார். வழியனுப்பவில்லை. இந்த விஷயத்தில் அவர் செய்தது தப்பு என்று சொல்ல அந்தத் தெருவிலேயே ஆள் உண்டு. அவர் காதில் விழும்படி சொன்னவர்தான் யாரும் இல்லை.

முதலில் வந்தது சின்ன மூட்டை. அதில் கடந்த சில மாதங்களில் அந்தக் கணக்கிலிருந்து தேடப்பட்டவை ஒரு பட்டியலாக இருந்தன. அவர் தேடிய பழைய பாட்டுகளின் பாதி பாதிச் சொற்கள், எழுத்துப் பிழையோடு. நடுவே அவர் தேடாத ஒன்று: 'தூக்கம் வர மழைச் சத்தம்'.

"திருடனுக்குத் தூக்கம் வரலையாம்," என்றான் மச்சினன்.

"எப்படி வரும்? பண்ற வேலை அப்படி," என்றார் அவர்.

பெரிய மூட்டை வந்தது மேலும் மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம். மச்சினன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். சுருக்கி வைத்த ஒரே ஃபைல். விரித்தால் உள்ளே வருஷவாரியாகப் பல ஃபைல்கள். ஒன்றைத் திறந்ததும் அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறிகளுமாகத் திரை முழுக்க எறும்பு ஊர்ந்தது.

"இதுல என்னடா இருக்கு?"

"எல்லாமே இருக்கு. கொஞ்சம் இருங்க."

அவன் அதை அட்டவணையாக மாற்றினான். ஒரு பாட்டுக்கு ஒரு வரிசை. எப்போது, எந்த மாதிரிக் கருவியில், எந்த நாட்டிலிருந்து, எந்த இணைய முகவரியிலிருந்து, என்ன பாட்டு, எத்தனை மில்லி செகண்ட் ஓடியது, எப்படித் தொடங்கியது, எதனால் முடிந்தது என்று கட்டம் கட்டமாக. பல் செட்டுக்காரருக்கு உள்ளூர ஒரு கூச்சம் வந்தது. லேப்பில் எல்லோரிடமும் 'நான் சுத்தமான கர்நாடக சங்கீதம் மட்டும்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு குத்துப்பாட்டை இருநூற்றுப் பதினாறு தடவை கேட்டிருந்தார். சங்கீதத்தைப் பெரும்பாலும் நாற்பது செகண்டில் தள்ளிவிட்டிருந்தார்.

"இது அவன் கேட்டதா இருக்கும்," என்றார்.

"இது ஆண்ட்ராய்டு அத்தான். உங்க போனு."

"நேரத்தைப் பாரு. விடியக்காலையில நான் குத்துப்பாட்டா கேப்பேன்? நான் பத்து மணிக்குத்தான் லேப்புல பாட்டே போடுவேன்."

மச்சினன் திரையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், கூட வந்த விளக்கக் குறிப்பைத் திறந்தான். "ஓ. இது உலகப் பொது நேரம். நம்ம நேரத்துக்குக் கூட்டிக்கணும். அதோட இது பாட்டு முடிஞ்ச நேரம், ஆரம்பிச்ச நேரம் இல்ல. ஓடின நேரத்தைக் கழிச்சாத்தான் ஆரம்பம் தெரியும்." கூட்டிக் கழித்துப் புதிதாக இரண்டு கட்டங்கள் போட்டான். குத்துப்பாட்டு காலை பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு வந்து உட்கார்ந்தது. மனைவி சமையலறை வாசலில் நின்று சிரித்தாள். ஒரு மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

"சரி, இப்ப திருடன்." ஆண்ட்ராய்டு இல்லாத வரிசைகளை மட்டும் வைத்துவிட்டு மற்றதை மறைத்தான். எல்லாம் ஐஓஎஸ், அதாவது ஐபோன். ஆயிரக்கணக்கில் இருந்தன. மேலே, பழைய வருஷத்துக்குப் போனான். "இவன் ஆரம்பத்துலேருந்தே இருக்கான் அத்தான்! நீங்க கணக்கு ஆரம்பிச்ச வாரத்துலேருந்து. அதுவும் நம்ம நாட்டுலேருந்தே. ஏன், உங்க வீட்டு இணைய முகவரியே இருக்கு பாருங்க, உங்க வரிசையிலயும் இவன் வரிசையிலயும் ஒரே நம்பர்."

"வீட்டுக்குள்ள வந்தா?"

மச்சினன் கீழே நகர்த்திக்கொண்டே போனான். ஓர் இடத்தில் நாட்டுக் குறியீடு மாறியது. அதுவரை நம்முடைய இரண்டு எழுத்து. பிறகு ஒன்றரை நாள் ஒன்றுமே இல்லை. அதன்பின் வேறு இரண்டு எழுத்து. கடைசிவரை அதுவேதான்.

பல் செட்டுக்காரர் நம்முடைய எழுத்து கடைசியாக இருந்த வரிசையின் தேதியைப் படித்தார். ஒரு வெள்ளிக்கிழமை.

யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேதியை அவர் காலண்டரில் எழுதிவைக்கவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே அவள்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'அப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, போனைக் குடுங்க' என்று பிடுங்கி, தன் போனிலும் அதையே போட்டுக்கொண்டாள். இத்தனை நாளும் அதிலிருந்து வெளியேறவே இல்லை.

மனைவி வந்து திரையைப் பார்த்தாள். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தாள். "அவதான்," என்றாள். பிறகு, அந்த வீட்டில் ரெண்டு வருஷமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னாள். "ஆஸ்பத்திரி துணி வெளுக்கிற இடத்துல ராத்திரி வேலை. காலையில ஆறு மணிக்கு முடியும். ரூமுல இன்னும் மூணு பேரு. பகல்லதான் தூங்கணும்."

"அங்க மணி நமக்கு எவ்வளவு பின்னாடி?" என்றார் அவர்.

"ரெண்டரை மணி நேரம்."

இப்போது மச்சினன் கேட்காமலே கணக்குப் போட்டான். மழைச் சத்தம் அவளுடைய நேரத்துக்குக் காலை ஏழேகால் வாக்கில் தொடங்குகிறது. ஏழு மணி முப்பத்தைந்து நிமிஷத்தில் நின்றுபோகிறது. முழுசாக ஓடி முடியவில்லை, பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அதே செகண்டில், ஒன்றிரண்டு முன்னே பின்னே, அடுத்த வரிசை தொடங்குகிறது. ஆண்ட்ராய்டு. குத்துப்பாட்டு.

"ஒரே கணக்குல ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் பாட்டு ஓடும் அத்தான். நீங்க இங்க போட்டா அங்க நின்னுடும்."

"தினமுமா?"

அவன் நகர்த்திக் காட்டினான். தினமும்தான். ஞாயிறு தவிர. ஞாயிற்றுக்கிழமைகளில் மழை எட்டு மணி நேரம் விடாமல் பெய்திருந்தது.

"அவ போட்டு என்னுது நின்னது எத்தனை தடவை?"

இருந்தது, எப்போதாவது. அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பியது தெரியாமல் அவள் மழையைப் போட்டபோது. அப்படி நின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்குள் ஆண்ட்ராய்டு வரிசை மறுபடி வந்திருக்கிறது. முழங்கைக் குத்து. அதன்பிறகு அவர் பாட்டை நிறுத்தும்வரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரிசைகூட இல்லை. ரெண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் திருப்பிப் பிடுங்கவில்லை. வீட்டில் டிவி ரிமோட்டுக்கு அவரோடு மல்லுக்கு நிற்கிற பெண் அது.

கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். மச்சினன் தயங்கினான். "போடா," என்றார். அது அந்த ஞாயிற்றுக்கிழமை. நம் நேரத்துக்கு மாலை ஐந்தேகால். அவள் நேரத்துக்குப் பிற்பகல் இரண்டே முக்கால். மழைச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, நிற்கிறது. அதற்குக் கீழே ஐஓஎஸ் என்று எதுவும் இல்லை.

அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டார்.

"ஒரு மாசமா அவ உங்களைப் பத்திக் கேக்கறதே இல்லங்க," என்றாள் மனைவி. "முன்னெல்லாம் போனை வைக்கறதுக்கு முன்னாடி, 'அப்பா எப்படி இருக்காரு'ன்னு ஒரு வார்த்தை கேப்பா. இப்ப கேக்கறதில்ல. நான் என்னமோன்னு இருந்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது, சட்டம் போட்டவரே நீங்கதானே?"

"இப்பவே போன் போடு."

"அத்தான், இப்ப அங்க மத்தியானம்," என்றான் மச்சினன். "தூங்கிட்டிருப்பா."

அது அவருக்கு உறைத்தது. ரெண்டு வருஷம் தெரியாமல் செய்ததை இனித் தெரிந்தே செய்யக் கூடாது. அட்டவணையைத் தானே உருட்டிப் பார்த்தார். மழை நின்ற பிறகு அவள் முதல் பாட்டைப் போடுவது பெரும்பாலும் நாலரை மணி வாக்கில். ஐந்து மணிக்கு அழைத்தால் நிச்சயம் விழித்திருப்பாள். நமக்கு ஏழரை. மகள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்று பெற்ற தகப்பன் ஒரு கம்பெனி அனுப்பிய ஃபைலில் தேடிக்கொண்டிருந்தான் என்றால் அதைவிடக் கேவலம் ஒன்றும் இல்லை. அவருக்கே அப்படித்தான் இருந்தது.

ஏழரை ஆகிற வழியாக இல்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். மச்சினனுக்குக் காபி வந்தது, ஆறியது. ஒருதரம் சட்டையை மாற்றிக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 'எனக்குத் தெரியாதும்மா' என்று சொல்லிப் பார்த்தார். 'மன்னிச்சிரு' என்று சொல்லிப் பார்த்தார். இரண்டும் வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

ஏழரைக்கு மனைவி தன் போனிலிருந்து அழைத்து, மணி அடிக்கத் தொடங்கியதும் அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"சொல்லும்மா, இன்னிக்கு ரெண்டாவது தடவை?" என்றது அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்தது, தூங்கி எழுந்த குரல்.

"அப்பா பேசறேன்."

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்துவது கேட்டது.

"அந்தப் பாட்டு ஆப்பு," என்று தொடங்கினார். "நான் கடவுச்சொல்ல..."

"தெரியும்ப்பா. பரவாயில்ல. உங்க கணக்குதானே." அவள் அதை ஏற்கெனவே பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டவள் மாதிரி வேகமாகச் சொன்னாள். "ரெண்டு வருஷம் விட்டு வெச்சதே பெரிசு. எப்ப வேணாலும் என்னை வெளிய தள்ளியிருக்கலாம், தள்ளல. பேசலைன்னாலும் இதையாவது விட்டு வெச்சிருக்காரேன்னு இருந்தேன். காலையில மழை நிக்கும். சரி, அப்பா லேப்புக்கு வந்துட்டாரு, நல்லாத்தான் இருக்காருன்னு அப்படியே தூங்கிடுவேன். அது போதும்னு இருந்துச்சு. இப்ப அதுவும் வேணாம்னு உங்களுக்குத் தோணிடுச்சு, அவ்வளவுதானே."

அவர் தெரிந்தே விட்டுவைத்தார் என்று அவள் நினைத்திருக்கிறாள். தெரிந்தே வெளியே தள்ளினார் என்றும். முன்னதற்கு ஆமாம், பின்னதற்கு இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நல்ல அப்பா என்ற பெயர் சும்மா கிடைக்கும். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நீன்னு தெரியாது. எவனோ திருடன்னு நினைச்சேன். இன்னிக்கு மத்தியானம் அந்த ஃபைல் வந்தப்புறம்தான் தெரியும்."

"ரெண்டு வருஷமுமா?"

"ரெண்டு வருஷமும்."

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார், இருந்தது.

"அப்ப அத்தனை நாளும் அங்க யாருமே இல்லையா?" என்றாள். "நான் தனியாத்தான் இருந்தேனா?"

சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். "ஆமாம்மா," என்றார். "நான் இல்ல. இருந்திருக்கணும், இல்ல."

அவள் அழுதாள். மறைக்கவில்லை, வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. இருமல் வந்ததையும் அடக்கிக்கொண்டு, அது தணியும்வரை காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள் பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"முதல் வருஷம்னா, அன்னிக்கே தள்ளியிருப்பேன்."

"அதான் பாத்தேன்," என்றாள். அழுகைக்கு நடுவில் அது கிட்டத்தட்ட ஒரு சிரிப்பு. "ரெண்டாவது வருஷம்?"

"தெரியல. கொஞ்சம் கத்தியிருப்பேன்."

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் புதுக் கடவுச்சொல்லைச் சொன்னார். மச்சினன் வைத்தது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் குறியுமாகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். ஏழாவது எழுத்தில் தப்பு வந்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

"இனிமே பத்து மணிக்கு நான் பாட்டுப் போடல," என்றார் எல்லாம் முடிந்ததும். "நீ நல்லாத் தூங்கு. நான் சாயந்திரம் கேட்டுக்கறேன்."

"வேணாம்ப்பா, போடுங்க," என்றாள் மகள். "இனிமே தெரிஞ்சு போடுங்க."